ஒரே புத்தகம், இரண்டு எண்கள்

ஒரு புத்தகக் கடையின் கணினியில் பழைய நூல்களெல்லாம் 10 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணோடு பதிவாகியிருக்கின்றன. விநியோகஸ்தர் அனுப்பும் இருப்புப் பட்டியலிலோ அதே நூல்களுக்கு 13 இலக்க எண். இரண்டையும் எண்ணை வைத்து இணைத்தால், கிடங்கில் இருக்கும் புத்தகமும் இல்லாததுபோல் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு எழுத்து வரிசைகள், அவ்வளவுதான்.

2007 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கமானது. பழைய எண்ணின் முன்னால் 978 சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சோதனை இலக்கம். அந்தக் கணக்கு முறையே இப்போது மாறிவிட்டது.

0-306-40615-2 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் கோடுகளை நீக்கிவிட்டு, கடைசி 2ஐயும் விட்டுவிடுங்கள். முன்னால் 978 சேர்த்தால் 978030640615 என்று 12 இலக்கம் வரும். இவற்றை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 93. அடுத்த பத்தின் மடங்கான 100ஐ எட்ட 7 வேண்டும். ஆகவே முழு எண் 9780306406157. இதைப் பழைய எண்ணை அழிக்காமல் தனிப் பத்தியில் எழுதி வைத்து, அந்தப் பத்தியைக் கொண்டு இணைக்க வேண்டும். எதிர்த்திசையில் மாற்றப் பார்க்காதீர்கள்: 979இல் தொடங்கும் எண்களுக்கு 10 இலக்க வடிவமே கிடையாது.

பழைய எண் X என்ற எழுத்தில் முடிவதும் உண்டு. அதனால் இந்தப் பத்தியை எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமிக்க வேண்டும். எண்ணாகச் சேமித்தால் தொடக்கத்து 0 உதிர்ந்து 306406152 என்று 9 இலக்கமே மிஞ்சும். நல்லவேளை, அதை இடப்பக்கம் 0 சேர்த்து மீட்டுவிடலாம்.

மீட்க முடியாத சேதம் வேறொன்று. விநியோகஸ்தர் அலுவலகத்தில் யாராவது அந்த சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்து, அப்படியே சேமித்துவிட்டால் 13 இலக்க எண் 9.78031E+12 போலச் சுருங்கிவிடும். பின் இலக்கங்கள் போனது போனதுதான். அதைவிடக் கொடுமை, பல புத்தகங்களுக்கு இப்போது ஒரே எண் இருக்கும். கோப்பை நோட்பேடில் திறந்து E+ என்று தேடினால் உடனே தெரிந்துவிடும். தெரிந்தால் சரிசெய்ய முயலாமல் மூலக் கோப்பையே திரும்பக் கேளுங்கள்.

இணைத்து முடித்ததும் வரிகளை எண்ணுங்கள். சாதாரண இணைப்பு, பொருந்தாத வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எனவே பொருந்தாதவற்றைத் தனியே எடுத்துப் பாருங்கள். வரிகள் கூடியிருந்தால், ஒரே நூல் உங்கள் பதிவிலேயே பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் இரண்டு முறை இருக்கக்கூடும். அதைத் தீர்க்காமல் கையிருப்பைக் கூட்டினால் இல்லாத பிரதிகளை விற்க நேரும்.