வளைந்த கால்களும் மணிக்கட்டு எக்ஸ்ரேயும்

ஒன்றரை வயதுக் குழந்தை. நடக்கத் தொடங்கியதும் கால்கள் வில்லாய் வளைகின்றன, மணிக்கட்டு புடைத்திருக்கிறது. காலைப் பார்க்க வந்த குழந்தைக்கு மருத்துவர் கையை எக்ஸ்ரே எடுப்பது பெற்றோருக்கு விசித்திரமாகத் தெரியும். வேகமாக வளரும் எலும்பு முனையில்தான் ரிக்கெட்ஸ் முதலில் தெரியும்: முனை அகன்று, கிண்ணம்போல் குழிந்து, ஓரம் நைந்த துணிபோல் பிசிறடிக்கும்.

ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது. வைட்டமின் டி குறைந்ததும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தைக் காப்பாற்றுகிறது. பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. ஆகவே பாஸ்பேட் குறைவு, அல்கலைன் பாஸ்படேஸ் அதிகம்.

இந்த வயதில் வைட்டமின் டி தினம் 3000 முதல் 6000 யூனிட், குறைந்தது 12 வாரம். உணவும் மருந்துமாகக் கால்சியம் 500 மில்லிகிராமாவது வேண்டும். கால்சியத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. சில வாரங்களில் எலும்பு முனையில் வெள்ளைக் கோடு விழுந்தால் குணம் தொடங்கிவிட்டது. விழாவிட்டால், மருந்து ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்டபின், சிறுநீரகம் பாஸ்பேட்டை இழக்கும் பரம்பரை வகையைத் தேட வேண்டும்.

வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு இதே குறை ஆஸ்டியோமலேசியா. கால் வளையாது, இடுப்பு வலிக்கும், மாடியேறத் தொடை வலுவிழக்கும். எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்தில் முறிவுபோன்ற மெல்லிய கோடு தெரியலாம்.