புது டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம்

கர்ப்ப காலத்தின் நடுவில் ஊர் மாறுகிறவர்கள் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுபோய்ப் புது டாக்டரின் மேசையில் வைக்கிறார்கள். ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். எதை வைத்து என்ன முடிவு செய்தார்கள் என்பதுதான் இருக்காது. அதைச் சொல்ல ஒரு பக்கக் கடிதம் வேண்டும். இதுவரை பார்த்த டாக்டரே எழுதித் தருவது நல்லது. முடியாவிட்டால் நீங்கள் எழுதி, அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கலாம்.

முதல் வரியில் பிரசவத் தேதி. இரண்டாவது குழந்தையைச் சுமந்தபடி ஆகஸ்ட் நடுவில் திருச்சியிலிருந்து புனேவுக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி மாதவிலக்கு ஜனவரி 5. அந்தக் கணக்கில் பிரசவம் அக்டோபர் 12. ஆனால் மார்ச் 30-ல் எடுத்த ஸ்கேனில் 12 வாரம் இருக்கவேண்டிய கரு 10 வாரம் 2 நாள் வளர்ச்சியே காட்டியது. அந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்வார்கள். அதனால் பிரசவத் தேதி அக்டோபர் 24 ஆனது.

இது எழுதப்படாவிட்டால் அக்டோபர் 12 அன்று, நாள் முடிந்துவிட்டதென்று வலி வர மருந்து கொடுக்கக்கூடும். உண்மையில் அப்போது 38 வாரம்தான் முடிந்திருக்கும். எட்டாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் வேறொரு தேதி அச்சாகியிருந்தாலும் அதற்கு மாறக்கூடாது. அப்போது குழந்தை சிறியதாகத் தெரிந்தால் வளர்ச்சி குறைகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். தேதியைத் தள்ளிப்போட்டால் அந்தக் குறை கண்ணில் படாமலே போகும்.

அடுத்து ஊசி, மருந்து. இவருக்கு ரத்தவகை நெகட்டிவ். ஆகஸ்ட் 2-ல், 28 வாரத்தில், ஆன்டி-டி ஊசி போட்டார்கள். ஊசியில் இருப்பதே எதிரணுக்கள்தான். அதனால் அதன்பின் எடுக்கும் எதிரணுப் பரிசோதனை லேசாக பாசிட்டிவ் காட்டலாம். ஊசி போட்ட தேதி தெரியாத டாக்டர், தாயின் உடலே குழந்தையின் ரத்தத்தை எதிர்க்கிறதோ என்று கவலைப்படுவார். ஊசியின் தேதி, அளவு, அதற்குமுன் பரிசோதனை நெகட்டிவாக இருந்தது மூன்றையும் எழுதுங்கள். மாத்திரைகளுக்குக் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் வேண்டும். தைராய்டு மாத்திரை என்றால் இப்போது எத்தனை மைக்ரோகிராம், எப்போது கூட்டினார்கள் என்பதும் வேண்டும்.

கடைசியாக, முதல் பிரசவம். சிசேரியன் என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் செய்தார்கள், கர்ப்பப்பையில் வெட்டு குறுக்காகவா நெடுக்காகவா என்று தெரியவேண்டும். வயிற்றுத் தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்கு வெட்டு இருக்க, உள்ளே நெடுக்கு வெட்டு இருக்கலாம். நெடுக்கு வெட்டு என்றால் பிரசவ வலியில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து அதிகம். அதனால் சுகப்பிரசவத்துக்கு முயலமாட்டார்கள். இந்த விவரம் முதல் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். மூட்டை கட்டுமுன் அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.