கலைக்கும் கவனத்துக்கும் நடுவே

தமிழ் வகுப்பு: தொடர் – 17

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "அக்கா என்ற சொல்லை அகராதியில் எடுங்கள்" என்றேன். எட்டு அகராதிகள், ஒன்றுக்கு நான்கு பேர் வீதம் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அகராதியைத் திறந்தால் முதல் சில பக்கங்களுக்குள் கிடைத்துவிடும் சொல் அது. ஆனால் ஐந்து குழுக்கள் 'அகம்' இருக்கும் பக்கத்தைத் தாண்டிப் போய்த் தேடிக்கொண்டிருந்தன. ஒரு பையன் எழுந்து, "ஐயா, இதுல அக்காவே இல்லை" என்றான். அவன் சொன்னதில் தவறு இல்லை. அவன் தேடிய இடத்தில் அக்கா இல்லைதான்.

எழுத்துகளைக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். க, கா, கி, கீ என்று ஒரு மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்த வரிசைக்குள் புள்ளி வைத்த எழுத்து எங்கே நிற்கிறது என்று மட்டும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆங்கில வகுப்பில் அகராதி பார்க்க ஒரு பாடமே இருக்கிறது. தமிழ்தானே, தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று நாம் விட்டுவிடுகிறோம். அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஒரு சொல்லுக்குப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு அகராதியை மூடிவைத்துவிடுகிறது.

தமிழ் அகராதியின் வரிசை இதுதான். முதலில் அ முதல் ஔ வரை உயிர். அதன் பின் ஆய்தம். அதன் பின் மெய்யும் உயிர்மெய்யும். பெரும்பாலான அகராதிகளில் ஒவ்வொரு மெய்யும் தன் உயிர்மெய்க் கூட்டத்துக்கு முன்னால் தலைமை தாங்கி நிற்கும். க், க, கா, கி என்று கௌ வரை முடிந்த பிறகுதான் ங் வரும். அது முடிந்து ச். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் இன்னொரு குழப்பம் வரும். மெய் முன்னால் என்றால் பதினெட்டு மெய்யும் முன்னால் வந்துவிடும் என்று நினைத்து, 'அங்காடி'யை 'அகம்' என்பதற்கு முன்னால் வைப்பார்கள். அப்படி இல்லை. அஃது, அக்கா, அகம், அகிலம், அங்காடி, அச்சம், அசைவு, அஞ்சல், அட்டை, அடி. கரும்பலகையில் இதை மேலிருந்து கீழாக எழுதி, இரண்டாம் எழுத்தை மட்டும் வண்ணச் சுண்ணக்கட்டியால் தொட்டுக் காட்டினேன். ஃ, க், க, கி, ங், ச், சை, ஞ், ட், டி. வகுப்பு தானாகவே அதை ராகம் போட்டுப் படிக்கத் தொடங்கியது.

அடுத்து, எட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னேன்: காகம், கனி, கலை, கழுகு, கல், கவி, கலப்பை, கவசம். காகத்தை வைத்திருந்த பையன் முதல் ஆளாகப் போய் நின்றான். க-வுக்கு அடுத்தது கா என்பது அவன் கணக்கு. கனியை வைத்திருந்த பெண் அவனிடம், "க-வில் ஆரம்பிக்கிற நாங்க எல்லாரும் முடிஞ்ச பிறகுதான் நீ" என்று சொல்லி அவனைக் கடைசிக்கு அனுப்பினாள். அவள் தனக்கு எடுத்துக்கொண்ட இடமும் சரியானது. ன் நம் நெடுங்கணக்கின் கடைசி மெய். அதனால் கன என்று தொடங்கும் சொற்கள் க-வின் எல்லையில், கா-வை ஒட்டி நிற்கும். கடைசியில் சண்டை கல்லுக்கும் கலப்பைக்கும் கலைக்கும் நடுவில்தான். கல் முதலில், ஏனென்றால் புள்ளி. கலப்பையும் கலையும் எழுத்தெண்ணிப் பார்த்தால் இரண்டாம் எழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன: ஒன்றில் ல, மற்றதில் லை. ல முந்தியது, ஆகவே கலப்பை முந்தியது. கலப்பையில் நான்கு எழுத்து, கலையில் இரண்டுதான் என்று ஒருவன் வாதாடினான். நீளம் எப்போது பேசும் என்றால், ஒரு சொல் முழுதும் மற்றொன்றின் தொடக்கமாக இருக்கும்போது மட்டும்தான். கலை முன்னால், கலைமான் பின்னால்.

இந்த அடித்தளம் இல்லாமல் வழிகாட்டிச் சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. அகராதிப் பக்கத்தின் தலையில் இரண்டு சொற்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று அந்தப் பக்கத்தின் முதல் சொல், மற்றது கடைசிச் சொல். சில அகராதிகளில் இடப்பக்கத்தில் முதல் சொல்லும் வலப்பக்கத்தில் கடைசிச் சொல்லுமாக, விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இருக்கும். பிள்ளைகள் அதைத் தலைப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஒரு வீட்டின் இரண்டு சுவர்; நம் சொல் உள்ளே இருக்கிறதா என்று பக்கத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

ஒரு பக்கத்தின் தலையில் 'கலை – கவனம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று பலகையில் எழுதினேன். கல்வி இங்கே இருக்குமா? பாதி வகுப்பு இருக்கும் என்றது. இல்லை. ல்-க்குப் புள்ளி, அது ல-வுக்கே முன்னால், லை-க்கு வெகு முன்னால். பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். கலைமான்? உண்டு. கவசம்? இரண்டு எழுத்து கவனத்தோடு ஒத்துப்போகிறது. மூன்றாவதில் ச, ன. ச முந்தியது, ஆகவே உள்ளே உண்டு. கவ்வு? வ்-இல் புள்ளி, வ-வுக்கு முன்னால், உள்ளே உண்டு. கவிதை? வி வ-வுக்குப் பின்னால். கவனத்தைத் தாண்டிவிட்டது, அடுத்த பக்கம். கழுகு? இங்கே எல்லாரும் தயங்கினார்கள். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று இரண்டு முறை சொல்லவைத்தேன். வ-வுக்குப் பின் ழ. அதனால் கழுகும் முன்னோக்கித்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் 'உள்ளே', 'முன்பக்கம்', 'பின்பக்கம்' என்று கை காட்டவைத்தால், யார் எந்த எழுத்தில் இடறுகிறார் என்று ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வில் அது தெரியாது.

இந்த எட்டு எழுத்துகளின் வரிசையில்தான் பிழையின் கனமும் இருக்கிறது. ழ-வை ள என்று நினைத்துத் தேடுகிற பிள்ளை சில பக்கங்கள் தள்ளித் தேடும். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் படும். ர-வும் ற-வும் அப்படி இல்லை. நடுவில் ல, வ, ழ, ள நான்கும் நிற்கின்றன. 'கறுப்பு' என்று எழுத வேண்டியதைக் காதால் கேட்டு ர-வில் தேடினால் வேறு ஊருக்கே போய்விடுவோம். அதனால் சொல் கிடைக்கவில்லை என்றால் முதலில் எழுத்தைச் சந்தேகிக்கச் சொல்கிறேன். ஜன்னல் போன்ற சொற்களுக்கு இரண்டு இடம் பார்க்க வேண்டும்: ச-வில் சன்னல், அல்லது ன-வுக்கும் பின்னால் புத்தகத்தின் கடைசியில்.

நம் முன்னோர்க்கு இந்தத் தேடலே இல்லை. நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று பொருளால் வகுத்த செய்யுள்கள். மனப்பாடம் செய்தவன் புரட்ட வேண்டியதில்லை. சிதம்பர ரேவண சித்தர் 1594-இல் சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கி அகராதி நிகண்டு செய்தார். அகரத்தை ஆதியாகக் கொண்டது என்ற அந்தப் பெயரே பின்னால் இந்த வகை நூல் எல்லாவற்றுக்கும் பெயராயிற்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் வந்தது. நினைவிலிருந்த சொல்லைக் கண்ணால் தேடி எடுக்கும் பழக்கம் நமக்கு இப்படித்தான் வந்தது.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது பாடப்புத்தகத்திலிருந்து ஒரு சொல் கொடுத்தேன்: கண்டாள். எல்லாரும் வேகமாகக் க-வுக்குப் போனார்கள். ண் வரைக்கும் சரியாகவே வந்தார்கள். கண்டம் இருந்தது, கண்டனம் இருந்தது, கண்டாள் இல்லை. இது வரிசைப் பிழை இல்லை. அகராதி வினையை வேரிலிருந்துதான் கொடுக்கும். அவள் இன்று என்ன செய்கிறாள் என்று கேட்டேன். "காண்கிறாள்" என்றார்கள். ஒரு பெண் உடனே அகராதியைக் கைநிறையப் புரட்டிக் கா-வுக்குப் போனாள். காண். வந்தான் வா-வில், சென்றான் செல்-லில், நொந்தான் நோ-வில், மரத்தை மரத்தில். வழிகாட்டிச் சொல்லைப் பார்க்கும் முன்பே வாய்க்குள் இந்த மாற்றத்தைச் செய்தாக வேண்டும். தமிழில் அகராதி பார்ப்பது ஆங்கிலத்தைவிடக் கடினம் என்றால் அது இங்கேதான். எழுத்து வரிசையில் இல்லை.

மறுநாள் நூலக வகுப்பு. பலகையில் இரண்டு புத்தக எண்கள் எழுதினேன்: 494.811, 494.82. டியூயி பகுப்பில் 494.811 தமிழ் மொழிக்கு உரியது. எது அலமாரியில் முன்னால் என்றால், 82 சிறியது, 811 பெரியது என்று கணக்கில் கெட்டியான பிள்ளைகளே சொன்னார்கள். புள்ளிக்குப் பின்னால் எண்ணையும் சொல்லைப் போலத்தான் படிக்க வேண்டும். எட்டும் எட்டும் சமம். அடுத்து ஒன்றா, இரண்டா? ஒன்று. ஆக 494.811 முன்னால். கல், கலப்பை நின்ற வரிசையை நினைவுபடுத்தியதும் புரிந்துகொண்டார்கள்.

அந்த நூலகத்தில் கணினியில் அடித்து ஒட்டிய ஆசிரியர் பட்டியல் ஒன்று இருந்தது. கல்கியின் நூல் வேண்டும் என்று கேட்ட மாணவிக்கு அதில் கல்கி கிடைக்கவில்லை. கலை என்று தொடங்கும் பெயர்களுக்கு முன்னால்தானே தேட வேண்டும், முறைப்படி அங்கேதான் தேடினாள். ஆனால் கல்கி அவற்றுக்குக் கீழே இருந்தது. ஒருங்குறியில் புள்ளிக்குக் கொடுத்த குறியெண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. தமிழ் வரிசை தெரியாத நிரலில் வெறும் குறியெண்ணை வைத்து அடுக்கினால் கலம், கலை, கல் என்றுதான் வரும். ன, ந-வை அடுத்து உட்கார்ந்துவிடும். கனவு கப்பலுக்கு முன்னால் போய்விடும். ழ-வுக்குப் பின்னால் வ வரும். போதாக்குறைக்குத் தலைப்பெழுத்தோடு அடுக்கியிருந்தார்கள், ச. வையாபுரிப்பிள்ளை ச-வில், உ.வே. சாமிநாதையர் உ-வில். நூலக அட்டையில் வையாபுரிப்பிள்ளை, ச. என்றுதான் இருக்க வேண்டும்.

நூலகரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றையும் வெற்று அட்டைகளையும் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஆளுக்குப் பத்துப் பெயர். தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளி, ஒரு பெயருக்கு ஓர் அட்டை எழுதி, மேசைமேல் பரப்பி அடுக்கினார்கள். கல்கியைத் தேடிய பெண்தான் க-வின் பொறுப்பு. கண்ணதாசனுக்கு அடுத்து கல்கியை வைத்துவிட்டு, ண் முதல் ல் வரை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அடுத்த அட்டையைக் கையில் எடுத்தாள்.