அதே மிஷின், அதே பேப்பர், எதுக்குத் தம்பி எக்ஸ்ட்ரா?

ஆவணி மாதத்து வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. கடைக்குள் வந்தவர் ஒரு கிராமத்துக் கோயில் கமிட்டிக்காரர். கும்பாபிஷேகப் பத்திரிகை ஆயிரம், ஏ4 அளவு, இரண்டு பக்கமும் நான்கு கலர், நடுவில் ஒரு மடிப்பு. சனிக்கிழமை விடியற்காலை வேன் கிளம்புகிறது, அதற்குள் கையில் வேண்டும் என்றார். சாதாரணமாக நான்கு நாள் எடுத்துக்கொண்டு 8,000 ரூபாய்க்குச் செய்யும் வேலை அது. சனிக்கிழமைக்கு என்றால் 10,900 என்றேன். அவர் கேட்டதுதான் மேலே இருக்கும் தலைப்பு.

நியாயமான கேள்வி. அச்சகம் நடத்தும் பலர் இதற்கு "அர்ஜென்ட்னா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் வாடிக்கையாளருக்குக் கேட்பது, 'மாட்டிக்கிட்டான், கறந்துடு' என்பது மட்டும்தான். நான் அவரை மிஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு ஜவுளிக்கடையின் கேட்லாக் ஓடிக்கொண்டிருந்தது. ஆஃப்செட்டில் நான்கு கலருக்கு நான்கு பிளேட். பிளேட்டை மாட்டியதும் அச்சு சரியாக வந்துவிடாது. நான்கு கலரும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும், மையும் தண்ணீரும் சமமாக வேண்டும். அதுவரை ஓடும் தாள் எல்லாம் வேஸ்ட். கமிட்டிக்காரரின் வேலையை இடையில் நுழைத்தால் கேட்லாக் பிளேட்டைக் கழற்ற வேண்டும். அவருடைய வேலை முடிந்ததும் அதே பிளேட்டைத் திரும்ப மாட்டி, திரும்ப ரிஜிஸ்டர் பார்த்து, முதலில் அடித்த தாளின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை மறுபடி தாளைத் தின்ன விட வேண்டும். இந்த இரண்டாவது செட்டிங்குக்கு ஜவுளிக்கடைக்காரர் பணம் தர மாட்டார், தரவும் கூடாது. என் கடைக் கணக்கில் அது ஒரு மணி நேர மிஷின் கூலி 800 ரூபாய், வீணாகும் ஆர்ட் பேப்பர் 400 ரூபாய்.

அடுத்தது ஆள் கூலி. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு பக்கம், விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரை மறுபக்கம், மொத்தம் நான்கு மணி நேரம். மிஷின்மேனுக்கு நாள் கூலி 900, உதவியாளருக்கு 600, எட்டு மணி நேர வேலைக்கு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. என் கடை போன்ற சிறிய இடங்கள் அந்தச் சட்டத்துக்குள் வராவிட்டாலும் இரட்டை கொடுக்காமல் ராத்திரிக்கு யாரையும் உட்கார வைக்க முடியாது. இருவருக்கும் சேர்த்து 1,500 வந்தது. பிளேட் வெளியில் அடிக்கிறோம். அந்நேரத்துக்கு ஆள் அனுப்பி எடுத்துவர 200. கூட்டினால் 2,900.

இதைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். லாபம் என்ற வரியே அதில் இல்லை. அது 8,000 ரூபாய்க்குள் ஏற்கனவே இருக்கிறது.

அவசரம் என்றால் பில்லில் 25 சதவீதம், 50 சதவீதம் என்று ஏற்றுவது இந்தத் தொழிலில் சகஜம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பில் 40,000 ரூபாயாக இருந்தாலும் கேட்லாக்கைக் கழற்றி மாட்டும் செலவு அதே 1,200தான். அவரிடம் சதவீதம் போட்டு இருபதாயிரம் கேட்டால் எந்தத் துண்டுத்தாளிலும் அதை எழுதிக் காட்ட முடியாது. அதேபோல ஆடி மாதத்தில் மிஷின் சும்மா நிற்கும்போது ஒருவர் 'நாளைக்கே வேணும்' என்று வந்தால் நான் கூடுதலாக எதுவும் வாங்குவதில்லை. யாருடைய வேலையும் நிற்கவில்லை, யாரும் ராத்திரி கண் விழிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவசரம் அவசரம்தானே என்பது அவர் கட்சி. (கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும் தனிக் கதை. அது எப்போதுமே ராத்திரியோடு ராத்திரியாக அடிக்கிற வேலை, அந்த அவசரம் விலைக்குள்ளேயே இருக்கிறது. துக்க வீட்டுக்காரரிடம் தனியாக அர்ஜென்ட் சார்ஜ் என்று யாரும் வாய் திறப்பதில்லை.)

கமிட்டிக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "சரி தம்பி, இன்னும் ஐநூறு போட்டுத் தரேன், வெள்ளிக்கிழமை மத்தியானமே குடுத்துடு" என்றார்.

முடியாது என்றேன். ஆஃப்செட் மை தாளில் ஊறிப் படிந்து, பிறகு காற்று பட்டு இறுகுகிறது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஊறுவது குறைவு, அதனால் இன்னும் மெதுவாகத்தான் காயும். ஒரு பக்கம் அடித்து அடுக்கியதைச் சில மணி நேரமாவது விடாமல் திருப்பிப் போட்டால் மை உருளைகளில் ஒட்டும், தாளில் ஈஷும். அடுக்கை உயரமாக ஏற்றினால் கீழ்த்தாளின் மை மேல்தாளின் முதுகில் படியும். இரண்டு பக்கமும் அடித்த பிறகும் மடிப்பதற்கு முன் மறுபடி காய வேண்டும். மிஷின்மேன் மூலையில் அழுத்தமான கலர் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பார். விரலில் மை வந்தால் அன்றைக்குக் கட்டிங் மிஷினுக்குப் போகாது. அந்த நேரத்துக்கு நான் பணம் வாங்கினால் அதுதான் ஏமாற்று.

பணத்தால் குறைக்கக் கூடாத இன்னொன்று புரூஃப் பார்க்கும் நேரம். கறுப்பில் வரும் எழுத்தில் பிழை என்றால் கறுப்பு பிளேட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கலர் பட்டையின்மேல் வெள்ளையாக விட்ட எழுத்து என்றால், அந்தப் பட்டையில் எத்தனை கலர் கலந்திருக்கிறதோ அத்தனை பிளேட்டும் மாற வேண்டும். உபயதாரர் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் கிராமத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் எவ்வளவு அவசரமானாலும் உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பிளேட்டுக்குப் போகும். கையெழுத்துக்குப் பின் வரும் திருத்தம் அவர் செலவு. சனிக்கிழமை காலை என் பக்கத்தில் தாமதமானால் 2,900 ரூபாயும் திருப்பித் தந்துவிடுவேன். இந்த இரண்டையும் அதே தாளில் எழுதினேன்.

கடைசியாகத்தான் கேட்டேன், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை. "ஐயா, சனிக்கிழமை வேன்ல எத்தனை பத்திரிகை போகுது?"

அவர் விரல்விட்டு எண்ணினார். நேரில் போய் அழைக்க வேண்டிய முக்கியஸ்தர்கள் எழுபது, எண்பது பேர். மீதியெல்லாம் செவ்வாய்க்கிழமை ஊருக்குள் வீடு வீடாகக் கொடுப்பது. எண்பது பிரதிகளை டிஜிட்டலில் அடித்துவிடலாம். அதற்குப் பிளேட் கிடையாது, சூட்டில் ஒட்டும் பொடி என்பதால் காய வைக்கவும் வேண்டாம். பிரதிக்கு 25 ரூபாய், மொத்தம் 2,000. ஆயிரத்துக்கும் டிஜிட்டல் என்றால் 25,000 ஆகிவிடும், அதனால்தான் அந்தப் பேச்சே முன்பு எழவில்லை. ஆஃப்செட் ஆயிரமும் வழக்கமான வரிசையில் திங்கட்கிழமை சாயங்காலம், வழக்கமான 8,000.

900 ரூபாய் மிச்சம் என்றதும் உட்கார்ந்து புரூஃப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை எண்பதை வாங்கிப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. வேனுக்குப் பின்னால் யாரோ கத்துவது கேட்டது. உபயதாரர் பட்டியலில் இரண்டு பேர் விட்டுப்போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தவர். ஆஃப்செட்டுக்குப் பிளேட் போட்டாகிவிட்டதா என்று கேட்டார். அன்று சாயங்காலம்தான் போவதாக இருந்தது. பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.