சூரிய ஒளித் தெரு விளக்கும் அதன் பாட்டரியும்

நமது கிராமங்களில் நாட்டப்படும் சூரிய ஒளித் தெரு விளக்குகளைப் பற்றி அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. முதல் ஆண்டு விளக்கு விடியும்வரை எரிகிறது. இரண்டாம் ஆண்டு நள்ளிரவில் அணைந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டு மாலையில் சற்று நேரம் மின்னி மறைகிறது. கம்பமும் விளக்கும் 'பேனல்' என வழங்கும் சூரியத் தகடும் நன்றாகவே இருக்கின்றன. கெட்டுப்போனது பாட்டரி ஒன்றே. "மட்டமான சரக்கு" என்று சொல்லிப் புதிய பாட்டரியை வாங்கி வைக்கிறார்கள். அதுவும் அவ்வாறே போகிறது. பெரும்பாலான இடங்களில் குற்றம் சரக்கில் இல்லை, அளவில் இருக்கிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நலம்.

சூரியத் தகட்டை வரத்துக்காலாகவும், பாட்டரியை ஏரியாகவும், விளக்கை மதகாகவும் எண்ணிப் பார்த்தால் விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் ஏரிக்கும் பாட்டரிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஏரி வற்றிக் கிடந்தாலும் அடுத்த மழையில் நிரம்பும். ஈயப் பாட்டரி வற்றிக் கிடந்தால் அதன் கொள்ளளவே சுருங்கிவிடும்.

அதற்குக் காரணம் இது. பாட்டரியிலிருந்து மின்சாரம் செலவாகும்போது, உள்ளே உள்ள ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் என்னும் உப்பு படிகிறது. மறுநாள் வெயிலில் மின்சாரம் ஏறும்போது அந்த உப்பு கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. மின்சாரம் முழுமையாக ஏறாமல் அரைகுறையாகவே வாரக்கணக்கில் நின்றால், மென்மையாக இருந்த உப்பு கெட்டியான படிகமாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது கரையாது. படிகம் மூடிய தகட்டின் பகுதி உழைப்பதில்லை. ஆகவே பாட்டரிக்கு ஓர் இரவு நிகழும் செலவைவிடக் கொடியது, பல நாள் நீடிக்கும் அரைப்பட்டினியே.

இந்தப் பட்டினி எவ்வாறு நேர்கிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காண்போம். 12 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று இரவு முழுவதும் 12 மணி நேரம் எரிகிறது என்று கொள்வோம். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144 வாட்-மணி. இடையில் வீணாவதையும் சேர்த்து ஓர் இரவின் செலவை 160 என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்த விலையைக் கருதி ஓர் ஊராட்சி இவ்விளக்குக்கு 60 வாட் தகடும், 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பாட்டரியும் பொருத்துகிறது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்க, அந்தப் பாட்டரியின் கொள்ளளவு 480 வாட்-மணி. அதில் முக்கால் பங்குக்கு மேல் எடுப்பது கேடு. எனவே புழங்கத்தக்கது 360 மட்டுமே.

கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். 60 வாட் தகடு அதில் 300 வாட்-மணி தர வேண்டும். தூசியிலும் சூட்டிலும் கம்பியிலும் ஒரு பகுதி போக, பாட்டரி தன்னுள் ஏற்கும்போது மேலும் ஒரு பகுதி குறைய, கைக்கு எட்டுவது 168. செலவு 160. வரவு செலவு நேராகிவிட்டது! மாதக்கணக்கில் விளக்கு குறையின்றி எரிகிறது.

ஐப்பசி பிறக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெளிந்த நாளில்கூட வெயில் 4 மணி அளவுக்கே கிடைப்பதாகக் கொள்வோம். அப்போது வரவு 134-தான். மூடிய நாளில் அதில் கால் பங்கு, அதாவது 34 வந்தால் பெரிது. தொடர்ந்து மூன்று நாள் மேகம் கவிந்தால் 378 வாட்-மணி பற்றாக்குறை ஏற்படும்; பாட்டரியோ 360-தான் கொடுக்க வல்லது. நான்காம் நாள் வெயில் வந்தும் பயனில்லை. வரவு 134, செலவு 160 என்பதால், தெளிந்த நாளிலும் பாட்டரி ஏற்றம் காணாது. மார்கழி கழியும்வரை அது அடியிலேயே கிடக்கும். உப்பு இறுகுவது இந்த மாதங்களில்தான். 2015 நவம்பரில் வட கடலோர மாவட்டங்களில் மழை மூட்டம் எத்தனை நாள் நீடித்தது என்பதை அங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, மேக நாட்களைக் கருதி அளவிடும் முறையைப் பார்ப்போம். வழக்கமான ஓர் இரவோடு, வெயிலற்ற மூன்று இரவுகளையும் சேர்த்து நான்கு இரவுகளுக்கு 640 வாட்-மணி தேவை. இது பாட்டரியின் முக்கால் பங்கைத் தாண்டலாகாது என்பதால், மொத்தக் கொள்ளளவு 853 ஆக வேண்டும். 12-ஆல் வகுத்தால் 71. சந்தையில் கிடைப்பது 75 ஆம்பியர்-மணி. மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறையினர் முன்பு 11 வாட் சி.எப்.எல். தெரு விளக்குக்கு வகுத்த மாதிரியிலும் இதே 75 ஆம்பியர்-மணி பாட்டரியும், மூன்று நாள் தாங்கும் நிபந்தனையும் இருந்தன. இப்பெரிய பாட்டரியில் சாதாரண நாளில் ஆறில் ஒரு பங்கே செலவாகும். இவ்வாறு மேலோட்டமாகப் பழகும் பாட்டரி பல ஆண்டு உழைக்கும்.

ஆயினும் பாட்டரியை மட்டும் பெரிதாக்கித் தகட்டை அப்படியே விடுவது, வரத்துக்காலைத் தூர்வாராமல் ஏரியை ஆழமாக்குவது போன்றது. 60 வாட் தகட்டுடன் 75 ஆம்பியர்-மணி பாட்டரியும் மழைக்காலத்தில் பட்டினியே கிடக்கும். சாவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. தகடு 100 வாட் ஆனால், பருவ காலத்தின் தெளிந்த நாளில் 224 கிடைக்கும். நாள்தோறும் 64 மிச்சம். மூன்று மேக நாட்களில் நேர்ந்த பற்றாக்குறை ஏறக்குறைய ஐந்து தெளிந்த நாட்களில் தீர்ந்துவிடும். மதிப்பீட்டைப் பரிசீலிக்கும் உறுப்பினர், "எத்தனை இரவு தாங்கும்?" என்று மட்டும் கேளாமல், "காலியானபின் கார்த்திகை வெயிலில் எத்தனை நாளில் நிரம்பும்?" என்றும் கேட்க வேண்டும்.

மூன்று நாளுக்கு மேலும் மேகம் நீடிப்பது உண்டு. அதற்காகப் பாட்டரியை மேலும் பெருக்கினால் செலவு மிகும். மாலையில் ஐந்து மணி நேரம் முழு ஒளியும், பிறகு ஏழு மணி நேரம் பாதி ஒளியும் தரும்படி அமைத்தால், இரவுச் செலவு 113-ஆகக் குறையும். அதே பாட்டரி வெயிலே இன்றி ஆறு இரவு வரை தாங்கும்.

இங்கே ஒரு தீய வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பாட்டரி மிகவும் தாழ்ந்ததும், பெட்டிக்குள் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் விளக்கைத் தானே நிறுத்திவிடும். ஊரார் முறையிடுகிறார்கள். வந்த பணியாளர் கன்ட்ரோலரைத் தாண்டி விளக்கை நேராகப் பாட்டரியில் இணைத்துவிடுகிறார். அன்றிரவு விளக்கு எரிகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சப்பட்ட பாட்டரியோ அந்த மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. கன்ட்ரோலர் விளக்கை அணைப்பது பழுதன்று, பாதுகாப்பு.

பாட்டரியின் நிலையை அறிய, தண்ணீர் ஊற்றும் வகையாயின் ஹைட்ரோமீட்டர் போதும். மூன்று தெளிந்த நாட்களுக்குப் பின், மாலையில் விளக்கு எரியும் முன், ஆறு அறைகளிலும் 'கிராவிட்டி' பார்க்க வேண்டும். குழாய்த் தகட்டுப் பாட்டரியில் அது 1.240-ஐ ஒட்டி இருப்பது நலம். ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அந்த அறை கெட்டது. ஆறும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் பாட்டரியைக் குறைகூறும் முன் மேலே ஏறித் தகட்டைப் பார்க்க வேண்டும். நாட்டியபோது சிறிதாயிருந்த தென்னை இப்போது ஓலை விரித்திருக்கலாம். தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழலும், அதன் அறைகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், வரவில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். தகட்டைத் துடைத்து, நிழலை நீக்கி, பாட்டரியைக் கழற்றிக் கடையில் மெதுவாக முழுமையாக ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் கிராவிட்டி உயராவிட்டால் உப்பு இறுகிவிட்டது என்று கொள்ளலாம். ஊற்றும் நீர் வாலை நீராக இருக்க வேண்டும். கிணற்று நீர் கூடாது.

இக்காலத்தில் கம்பத்தின் உச்சியிலேயே லித்தியம் பாட்டரி வைத்த விளக்குகள் வருகின்றன. அவற்றில் உப்பு இறுகும் தொல்லை இல்லை. கடும் சூடே அவற்றின் பகை. ஆனால் மேக நாள் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். அளவு குறைந்த லித்தியம் பாட்டரி கெட்டுப்போகாமல் இருக்கலாம். ஐப்பசி அடைமழையில், ஊருக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்படும் இரவில், அது அணைந்தே நிற்கும்.