கண்புரை அறுவைக்குப் பிறகு: சொட்டு மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதுவது எப்படி?

நமது மஹல்லாவில் ஒரு பெரியவருக்கு வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. மூன்று வாரம் நன்றாக இருந்தார். நான்காவது வாரம் கண் சிவந்து, வலி எடுத்தது. விசாரித்தபோது மகன் சொன்னார்: "பாட்டில் தீர்ந்துவிட்டது, மருந்து முடிந்தது என்று நினைத்தோம் ஹஜ்ரத்."

சீட்டை வாங்கிப் பார்த்தோம். முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 முறை, பிறகு வாரம் ஒன்றாகக் குறைத்து 5, 4, 3, 2, 1 என்று ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதியிருந்தது. மொத்தம் ஆறு வாரம். அது வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. அதைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த வீக்கம் திரும்பிவிடும். 5 மில்லி பாட்டிலில் நூறு சொட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். முதல் மூன்று வாரத்திற்கே 105 சொட்டு வேண்டும். எனவே பாட்டில் தீர்வது பாதி வழிதான்.

மருத்துவமனை சரியாகத்தான் எழுதியிருந்தது. அந்தச் சீட்டு வீட்டுக்குப் புரியும் தமிழாக மாறவில்லை, அவ்வளவே.

இதில் நாம் செய்யும் முதல் தவறு, 'ஆறு வேளை' என்று எழுதுவது. வேளை என்றால் நம் பெரியவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்; அது மூன்றுதான். இன்னொரு குழப்பம், '6 மணி நேரத்துக்கு ஒருமுறை' என்பதையும் '6 முறை' என்பதையும் ஒன்றாக நினைப்பது. முன்னதின்படி ஒரு நாளைக்கு நான்கு சொட்டுதான் விழும்.

சிலர் 'ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும்' என்று எழுதித் தருகிறார்கள். நினைவில் வைக்க எளிது, ஆனால் இடைவெளி சமமாக வராது. சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையே ஏழு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்கூட இராது. ஆகவே கடிகார நேரத்தையே எழுத வேண்டும்.

அந்தப் பெரியவரின் ஸ்டீராய்டு மருந்துக்கு நாம் எழுதித் தந்திருக்க வேண்டியது இதுதான்:

வலது கண்ணில் மட்டும். ஒரு முறைக்கு ஒரு சொட்டு. பாட்டிலைக் குலுக்கிவிட்டு விடவும்.
1ஆம் வாரம்: காலை 6, 9, பகல் 12, 3, மாலை 6, இரவு 9
2ஆம் வாரம்: காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 9
3ஆம் வாரம்: காலை 6, 11, மாலை 4, இரவு 9
4ஆம் வாரம்: காலை 6, பகல் 1, இரவு 9
5ஆம் வாரம்: காலை 6, மாலை 6
6ஆம் வாரம்: காலை 6
பாட்டில் தீர்ந்தால் புதிது வாங்கவும். நிறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு வாரத்தின் பக்கத்திலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். அவருக்கு முதல் வாரம் மட்டும் கிருமிநாசினிச் சொட்டும் மூன்று முறை இருந்தது. அதற்குக் காலை 6.10, பகல் 12.10, மாலை 6.10 என்று எழுத வேண்டும். இரண்டு மருந்துகளை அடுத்தடுத்து விட்டால் முதல் மருந்து வழிந்து போய்விடும். குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி தேவை. இது ஒருவருடைய சீட்டு. உங்கள் சீட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்து நேரங்களை எழுதி, மருத்துவமனைச் செவிலியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக் குறிப்புகளையும் இப்படியே எழுத வேண்டும். 'குனியக் கூடாது' என்று சீட்டில் இருக்கும். ஸுஜூதும் குனிவதுதான் என்று மருத்துவர் தனியாகச் சொல்லியிருக்க மாட்டார். 'தேதி வரை நாற்காலியில் அமர்ந்து, தலையைச் சற்றே தாழ்த்தித் தொழவும்' என்று, மருத்துவரிடம் கேட்ட தேதியோடு எழுதுங்கள். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. 'கண்ணில் தண்ணீர் படக்கூடாது' என்றால் ஒளூவில் முகத்தில் தண்ணீரை அள்ளி அடிக்கக் கூடாது என்று பொருள். கண் பகுதியை விட்டுவிட்டு மற்ற இடங்களை எப்படிக் கழுவுவது, தயம்மும் எப்போது என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப் விவரம் மாறும். உங்கள் இமாமிடம் கேட்டு அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். ரமளானில் பகல் சொட்டை விட்டுவிடுபவர்களும் உண்டு. ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் கண்ணில் விடும் சொட்டு நோன்பை முறிக்காது.

கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'வலியோ சிவப்போ கூடினால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போகவும்.' அறுவை செய்த கண்ணில் கிருமி தொற்றினால் ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம்.

அந்தப் பெரியவர் மருந்தை மீண்டும் தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டார். இடது கண்ணுக்கு அறுவை நடந்தபோது, அவர் வீட்டுக் கடிகாரத்துக்குக் கீழே இப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் பேத்தி பென்சிலால் ஒரு கோடு போட்டுவந்தாள்.