பாதம் ஏன் சறுக்குகிறது?

மோஷன் கேப்சரில் நடிகரின் உடலில் ஒட்டிய குறிகளை கேமராக்கள், பெரும்பாலும் நொடிக்கு 120 முறை, பதிவு செய்கின்றன. ஒவ்வொரு மூட்டின் அசைவும் ஒரு வளைகோடாகிறது. அதில் ரம்பப் பல்லாகத் தெரியும் நடுக்கம் அளவீட்டுப் பிழை. சாதாரண நடை என்றால், 6 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளை பட்டர்வொர்த் வடிகட்டியால் அடக்கலாம். அதை முன்னும் பின்னுமாக ஓட்டினால்தான் அசைவு தாமதமாகாது.

ஆனால் இதே வடிகட்டி பாதத்தைச் சறுக்கவும் வைக்கும். தரை தொட்டதும் சட்டென நிற்க வேண்டிய கோடு மழுங்கி, இன்னும் சில ஃபிரேம்கள் நகர்கிறது. ஆகவே பாதம் ஊன்றும் ஃபிரேம்களை வடிகட்டும் முன்பே குறித்துவைப்பது நல்லது; அங்கே உயரம், வேகம் இரண்டுமே குறைந்திருக்கும். பிறகு பாதத்தை ஒரே புள்ளியில் பூட்டி, முழங்கால் மடிப்பைக் கணினியால் மறுபடி கணக்கிடச் செய்யலாம். பூட்டைத் திடீரென எடுத்தால் கால் துள்ளும். சில ஃபிரேம்களில் மெல்லத் தளர்த்த வேண்டும். முழங்கால் வெடுக்கென நிமிர்ந்தால் கால் எட்டவில்லை என்று அர்த்தம். இடுப்பைச் சற்றே இறக்கினால் சரியாகும்.